30 ரூபாய்க் கடிதம்

மதுரையில் ஒரு கலைக் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ப்ராஜெக்ட் பைண்டிங், ஆன்லைனில் பரீட்சைக் கட்டணம் கட்டிக் கொடுப்பது. இவற்றோடு கடிதமும் அடித்துத் தருவேன். என் கம்ப்யூட்டரில் `PARTTIME.docx` என்று ஒரு ஃபைல் இருக்கிறது. திறப்பேன், பேரை மாற்றுவேன், டிபார்ட்மென்டை மாற்றுவேன், தேதியை மாற்றுவேன், பிரின்ட் கொடுப்பேன். ஒன்றரை நிமிஷ வேலை, 30 ரூபாய். ஊரில் பையன்களையும் பெண்களையும் பகுதி நேர வேலைக்கு வைத்திருக்கும் பெரிய கடை எதுவானாலும், அதன் ஆபீஸ் ரூம் ஃபைலில் என் எழுத்து ஒரு பக்கமாவது தூங்கும்.

கடிதம் நான் எழுதியதில்லை. சில வருஷங்களுக்கு முன் எதிர்க் கல்லூரிக்கு ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். மே மாத மதுரை வெயிலில் கோட்டும் டையும். ஒரு மாதிரிக் கடிதத்தை 200 பிரதி போடச் சொன்னார். 201 போட்டு ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். இங்கிலீஷ் கடிதம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'ஐயா, நான் இன்ன கல்லூரியில் இன்ன வகுப்பு படிக்கிறேன். நான் ரிலையபிள் ஆனவன். எனது நேரம் ஃப்ளெக்சிபிள். நான் ஒரு க்விக் லேர்னர். வாய்ப்பளித்தால் தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைப்பேன்.' நம்பலாம், வளைக்கலாம், சீக்கிரம் பழகும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடிக்கும் தரகர்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவராவது பல்லைப் பிடித்துப் பார்க்க விடுவார்.

போன வருஷம் ஜூனில் பி.காம். இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் இந்தக் கடிதத்தை வாங்கிப் போனான். நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் மாலை 5 முதல் 9 வரை வேலை, மாதம் 7,500 ரூபாய், செவ்வாய்க்கிழமை லீவு. வாயால் பேசிய கணக்கு இது. அவன் கடைக்குக் கொடுத்தது கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம். கடை அவனுக்குக் கொடுத்ததில் ஒரு புள்ளிகூட மையில் இல்லை. கேட்டதற்கு மேனேஜர் சிரித்தாராம். "நம்பிக்கைதானப்பா முக்கியம்."

நம்பிக்கை எப்படி நடந்தது என்று கேளுங்கள். ப்ளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். முதல் மாதச் சம்பளத்தில் பத்து நாள் பணத்தை 'கையிருப்பு' என்று நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே போகும்போது செல்போனைக் கழற்றி மரப்பெட்டியில் போட வேண்டும். வெளியே வரும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும், பாண்ட் பாக்கெட்டைத் தட்டிக் காட்ட வேண்டும். 'நான் நம்பகமானவன்' என்று எழுதிக் கொடுத்தவனைத் தினமும் தடவிப் பார்த்து, இன்றைக்கும் நம்பகமானவன்தானா என்று சரிபார்த்து அனுப்பினார்கள். அவன் கடையை நம்புவதற்கு யார் பாக்கெட்டைத் தட்ட வேண்டும் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அடுத்தது வேகமாகக் கற்றல். இதில் பையன் பொய் சொல்லவில்லை. முதல் நாளே சட்டைப் பிரிவில் நிறுத்திவிட்டார்கள். வாடிக்கையாளர் பிரித்துப் போட்டுப் பார்த்த சட்டையைத் திரும்ப மடிப்பது ஒரு கலை. பட்டனைப் போட்டு, முகம் கீழாகக் கவிழ்த்து, முதுகில் அட்டையை வைத்து, இரண்டு கையையும் பின்னால் மடக்கி, அடிப்பக்கத்தைத் தூக்கி ஊசி குத்தி, திருப்பி, காலருக்குள் பிளாஸ்டிக் பட்டையைச் செருகினால் கம்பெனியிலிருந்து வந்த மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'பழசு' என்று அடுத்த ஆள் தொட மாட்டார். இரண்டாம் நாள் முடிவதற்குள் ஒரு சட்டைக்கு ஒன்றேகால் நிமிஷம் என்ற வேகத்துக்கு வந்துவிட்டான். ஒரு வாரத்தில் பார்கோடு ஸ்கேனர், பத்து நாளில் பில்லிங், அதற்குள் புடவைப் பிரிவில் ஆள் இல்லை என்று அங்கேயும் இங்கேயும் ஓட்டம். அப்படியும் மூன்று மாதத்துக்கு அவன் பேர் 'ட்ரெய்னி'. ட்ரெய்னிக்கு இன்சென்டிவ் கிடையாது. பத்து நாளில் கற்றுக்கொண்டவனுக்கு மூன்று மாதப் பயிற்சி எதற்கு என்று கேட்டால், கற்றுக்கொண்டது அவன்தானே, கடை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிற்பதையும் சீக்கிரமே கற்றுக்கொண்டான். கடைத் தொழிலாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஜவுளிக்கடை ஊழியர்களின் வாழ்க்கையைக் காட்டிய வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தது 2010இல். படம் பார்த்து அழுதுவிட்டு, அதே மாதிரிக் கடைக்குப் போய் தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நாம். என்னையும் சேர்த்துத்தான். சட்டம் வர அதற்குப் பிறகு பதினொரு வருஷம் ஆயிற்று. இந்தக் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. சட்டைப் பிரிவு கவுன்டருக்கு அடியில் நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் போன சீசனில் விற்காத பனியன் பெட்டிகள் ஆறு அடுக்கியிருக்கின்றன. சட்டம் இருக்கையைத் தரச் சொன்னது, யாருக்கு என்பதில் கடைக்குக் கொஞ்சம் குழப்பம். பனியன் உட்கார்ந்திருக்கிறது.

கடிதத்தின் மூன்று சொற்களில் என் வயிற்றெரிச்சலெல்லாம் நடுவில் உள்ள சொல்லின் மீதுதான். ஃப்ளெக்சிபிள். மூங்கில் வளையும் என்றால் இரண்டு பக்கமும் வளையும். இந்தக் கடிதத்து மூங்கில் ஒரு பக்கம்தான் வளையும், அதுவும் கடைப் பக்கம்.

9 மணிக்கு வேலை முடியும் என்றார்கள். 9 மணிக்கு முடிவது வாடிக்கையாளரின் வரத்து மட்டுமே. அதன் பிறகுதான் பிரித்துப் போட்ட துணி மடிப்பு, ரேக் அடுக்கல், கூட்டல், பில் கட்டுகளைச் சரிபார்த்தல். வெளியே வர 10.15. அவன் ஊருக்குக் கடைசி பஸ் 10.20. பாதி நாள் பஸ்ஸின் பின் விளக்கைப் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் பாதி தூரமும் நடையில் மீதியும் போனான். ஞாயிற்றுக்கிழமை 'கொஞ்சம் முன்னாடி வா' என்றார்கள். கொஞ்சம் முன்னாடி என்றால் காலை 10 மணி. இரவு 10.30 வரை. நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்.

ஆகஸ்ட் மாதச் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தான். "அண்ணே, இதக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க, எனக்குத்தான் தப்பா வருதான்னு தெரியல." பி.காம். படிக்கிறவன், கணக்கு அவனுக்குத் தப்பாக வராது. கவரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள். தாமதத்துக்கு ஆறு தடவை, தடவைக்கு 50 வீதம் 300. யூனிஃபார்ம் 450. ஷார்ட்டேஜ் 500. 'கூட்டம் இல்லாத நாள்' இரண்டு, நாளுக்கு 288 வீதம் 576. மொத்தம் 1,826 போக, கையில் 5,674 ரூபாய்.

நான் கால்குலேட்டரை எடுத்து எதிர்ப்பக்கத்தைப் போட்டேன். அந்த மாதம் அவன் போனது 26 நாள். 20 நாள் மாலை 5 முதல் 10.15 வரை, அது 105 மணி. நாலு ஞாயிறு, சாப்பாட்டு நேரம் கழித்து 46 மணி. கூட்டம் இல்லையென்று ஒரு மணி நேரத்தில் திருப்பி அனுப்பிய இரண்டு நாளில் 2 மணி. ஆக 153 மணி நேரம். பேசிய கணக்குப்படி 26 நாளும் 4 மணி நேரம் உழைத்து 7,500 வாங்கியிருந்தால் மணிக்கு 72 ரூபாய். வாங்கியது மணிக்கு 37 ரூபாய். என் கடிதத்தின் விலை 30. நான் ஒன்றரை நிமிஷத்தில் சம்பாதித்ததை அவன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று சம்பாதித்திருக்கிறான். அந்தக் கடிதத்தைத் தந்த வள்ளல் நான்தான்.

பென்சில் கணக்கின் ஒவ்வொரு வரியிலும் ஒரு சட்டம் செத்துக் கிடக்கிறது. அபராதம் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு 1936ஆம் வருஷத்து ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்து 2019ஆம் வருஷத்து ஊதியத் தொகுப்புச் சட்டம் வரை ஒரே வரம்புதான்: அந்த மாதச் சம்பளத்தில் 3 விழுக்காடு. 7,500க்கு அது 225 ரூபாய். அதையும் ஆளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது. இங்கே 300, விளக்கம் கேட்டது பென்சில் மட்டும். ஷார்ட்டேஜ் என்பது மாடியில் காணாமல் போன துணியின் விலையை அந்த மாடியில் நின்ற எல்லோர் தலையிலும் சமமாகப் பங்குபோடுவது. சட்டம் சொல்வது வேறு. குறிப்பிட்ட சரக்கு குறிப்பிட்ட ஆளின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு, அவனுடைய அலட்சியத்தால் நேரடியாகத் தொலைந்திருந்தால்தான் அவனிடம் பிடிக்கலாம். பையையும் பாக்கெட்டையும் தினமும் தடவிப் பார்த்தவர்கள், அந்தத் தடவலில் ஒன்றும் சிக்கவில்லை என்பதையாவது கணக்கில் எடுத்திருக்கலாம்.

'கூட்டம் இல்லாத நாள்' என்ற வரிதான் உச்சம். ஆள் வந்து நிற்கிறான். கடையில் ஈ ஓட்டுகிறார்கள். "இன்னிக்குப் போயிட்டு வாடா" என்கிறார் சூப்பர்வைசர். போனால் அன்றைய சம்பளம் இல்லை. நாள் கூலி நிர்ணயிக்கப்பட்ட வேலையில், முதலாளி வேலை தராத காரணத்தால் நேரம் குறைந்தால் முழு நாளுக்கும் கூலி தர வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொன்னது. தொழிலாளிக்கே வேலை செய்ய விருப்பமில்லை என்றால்தான் கிடையாது. 2019ஆம் வருஷச் சட்டமும் இதைத் திருப்பிச் சொல்கிறது. ஆனால் பையன் விருப்பத்தோடுதானே ஃப்ளெக்சிபிள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்! மேனேஜர் அந்தக் காகிதத்தையே எடுத்துக் காட்டினாராம். என் ஃபான்ட், என் மார்ஜின், என் பிரின்டரில் கோடு விழும் அந்த இடது ஓரம்கூட மாறாமல்.

மணிக்கணக்கு தனிக் கூத்து. 1947ஆம் வருஷத்துக் கடைகள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், ஓவர்டைம் சேர்த்தாலும் 10ஐத் தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை அவன் உழைத்தது பதினொன்றரை. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு வேண்டும். 5 முதல் 10.15 வரை அவனுக்குக் கிடைத்த ஓய்வு, டீ வரும்போது கவுன்டருக்குப் பின்னால் குனிந்து குடித்த மூன்று நிமிஷம். குனிந்து, ஏனென்றால் கேமராவில் தெரியக் கூடாது.

சரி, இதெல்லாம் பணம். படிப்பு என்ன ஆயிற்று என்பதற்கு வருகிறேன். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் ஒரே செமஸ்டருக்குள் வருகின்றன. ஜூனில் தொடங்கி நவம்பரில் பரீட்சை. செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 விழுக்காடு வருகை வேண்டும் என்றால் 22 நாள் வரை போகாமல் இருக்கலாம். ஆடித் தள்ளுபடியில் "காலையிலேயே வந்துரு, சீசன்" என்று 9 நாள். தீபாவளிக்கு முன்னால் 17 நாள். மொத்தம் 26. அவன் வருகை 71 விழுக்காடு. நாலு நாளில் தவறிவிட்டது. கல்லூரியில் மன்னிப்புக் கட்டணம் கட்டினால் பரீட்சை எழுதலாம் என்றார்கள். அந்தப் பணமும் ஜவுளிக்கடைச் சம்பளத்திலிருந்துதான் போயிற்று. பட்டணத்துக்குப் படிக்க வந்தவன், படிக்கக் காசு வேண்டி வேலைக்குப் போய், வேலையால் படிக்க முடியாமல், படிக்காததற்கு அபராதம் கட்ட வேலை செய்தான். கட்டணத்தை என் கடையில்தான் ஆன்லைனில் கட்டினான். சர்வீஸ் சார்ஜ் 20 ரூபாய். வாங்கிக்கொண்டேன்.

வருகை குறைந்ததற்காக அவனைக் கூப்பிட்டுத் திட்டிய துறைத் தலைவர், "பொறுப்பில்லையாடா உனக்கு?" என்று கேட்டிருக்கிறார். கடையில் ரிலையபிள், கல்லூரியில் பொறுப்பற்றவன். அதே பையன், அதே 24 மணி நேரம். அவர் அறைச் சுவரில் அந்தக் கோட்டுப் பயிற்சியாளருக்குப் பொன்னாடை போர்த்தும் போட்டோ தொங்குகிறது. சட்டகம் போட்டுக் கொடுத்தது என் பக்கத்துக் கடை.

டிசம்பரில் கடையை விட்டான். மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்க மூன்று நடை. கையிருப்பான பத்து நாள் பணம் இன்னும் வரவில்லை. ஜனவரியில் மறுபடி வந்தான். "அண்ணே, வேற கடைக்கு ஒரு லெட்டர்." எனக்கு அந்த ஃபைலைத் திறக்கக் கை வரவில்லை. உட்காரச் சொன்னேன். இந்த ஊரில் அவனை உட்காரச் சொல்லும் கடைகளில் என்னுடையதும் ஒன்று.

அன்றைக்கு ஒரு மணி நேரம் எடுத்து வேறு கடிதம் எழுதினோம், தமிழில். ரிலையபிள் என்ற சொல்லை அடித்தேன். "உன்னை நம்பலாம்னு நீயே சொன்னா எவன் நம்புவான், நீ என்ன செஞ்சிருக்க?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருஷமும் விடிகாலை நாலரைக்கு எழுந்து 85 வீட்டுக்குப் பேப்பர் போட்டதைச் சொன்னான். காய்ச்சலில் விட்டது ஐந்து நாள், அந்த ஐந்து நாளும் தம்பியை அனுப்பியிருக்கிறான். அதை எழுதினோம், ஏஜென்டின் சம்மதத்தோடு அவர் போன் நம்பரும். சீக்கிரம் கற்பேன் என்பதையும் அடித்தேன். பார்கோடு பில்லிங் ஆறு மாதம் செய்திருக்கிறேன், பில்லை ரத்து செய்யவும் மாற்றுத் துணிக்குப் பில் போடவும் தெரியும், ஸ்டாக் எடுக்கத் தெரியும், புடவை ரகங்கள் இன்னும் சரியாகத் தெரியாது என்று எழுதினோம். தெரியாததையும் எழுதச் சொன்னபோது பையன் பயந்தான். தெரியாததைச் சொன்னவன் தெரிந்ததாகச் சொல்வதைத்தான் நம்ப முடியும் என்றேன். என்னிடம் கோட்டு இல்லையே தவிர, நானும் பயிற்சியாளர்தான்.

ஃப்ளெக்சிபிள் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டேன். திங்கள், புதன், வியாழன், வெள்ளி, சனி மாலை 5 முதல் 9 வரை. ஞாயிறு காலை 10 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு. செவ்வாய் விடுமுறை. கல்லூரி நேரத்தில் வர இயலாது. செமஸ்டர் பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பே தேதி சொல்லிவிடுவேன், அந்த நாட்களில் வர இயலாது. பண்டிகை சீசனில் கூடுதல் நேரம் தேவைப்பட்டால் கல்லூரி முடிந்த பிறகு 9.45 வரை நிற்க முடியும், அதற்கான கூலியை முன்பே பேசிக்கொள்ளலாம். கடைசி வரியாக, வேலை நேரமும் சம்பளமும் எழுதிய ஒரு தாளைத் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காசு வாங்கவில்லை. அதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை, பழைய கணக்கில் கழித்துக்கொண்டேன்.

முதலில் போனது ஒரு பாத்திரக் கடை. மேனேஜர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "யூனியன்ல இருக்கியா தம்பி?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது, ஒரு சூப்பர் மார்க்கெட். அங்கே இருந்த அம்மா முழுவதும் படித்திருக்கிறார். பேப்பர் போட்டதை இரண்டு தடவை படித்தாராம். "நல்ல பையனாத்தான் இருக்க. ஆனா எழுதித் தர்றதெல்லாம் எங்க வழக்கத்துல கெடையாதுப்பா." மூன்றாவது, இன்னொரு ஜவுளிக்கடை. ஹெச்.ஆர். என்று ஒரு இளைஞன். இரண்டு வருஷத்துக்கு முன் இதே கல்லூரியில் படித்தவன். அவனுக்கும் கடிதம் அடித்துக் கொடுத்தது நான்தான் என்று நினைக்கிறேன். கடிதத்தை மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடியிருக்கிறான்.

"ப்ரோ, இதுல ரிலையபிள், ஃப்ளெக்சிபிள், க்விக் லேர்னர் எதுவுமே வரலையே? அந்த மூணும் இல்லாம மேல ஃபார்வர்ட் பண்ண முடியாது. காலேஜுக்கு எதுத்தாப்புல ஒரு ஜெராக்ஸ் கட இருக்கு, அங்க கரெக்டா ஃபார்மட் வச்சிருப்பாரு. அடிச்சு வாங்கிட்டு வாங்க. காசு இல்லேன்னாலும் கவலப்படாதீங்க, நாங்களே குடுத்துட்டு, மொத மாசச் சம்பளத்துல பிடிச்சுக்கறோம்."